48 வோல்ட் ஸ்விட்சைப் போடும் முன்: ஃபேண்டம் பவர் முழுமையான வழிகாட்டி

ஒரு சின்ன கச்சேரி. பாடகருக்கு டைனமிக் மைக், மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் டைனமிக் மைக், வயலினுக்கு மட்டும் கண்டென்சர் மைக். தம்புரா செல்போனிலிருந்து வருகிறது. கண்டென்சர் மைக்குக்கு மைக் கேபிள் வழியாகவே மின்சாரம் கொடுப்பதுதான் ஃபேண்டம் பவர். அதற்கு மிக்ஸரில் 48 வோல்ட் ஸ்விட்ச் ஒன்றே ஒன்றுதான். போட்டால் எல்லா எக்ஸ்எல்ஆர் வழிகளுக்கும் ஒரேயடியாகப் போகும்.

புதிதாக மிக்ஸரில் உட்காருபவர் இங்கே பயப்படுவது பாடகரின் மைக்கை நினைத்து. அந்த மைக்குக்கு ஒன்றும் ஆகாது. ஆபத்து இருப்பது செல்போன் வயரிலும், யாரோ அவசரத்தில் சால்டர் வைத்த ஒரு கேபிளிலும். எது பத்திரம், எது இல்லை என்பதை யூகிக்க வேண்டியதில்லை, ஒரு மல்டிமீட்டர் இருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்த வழிகாட்டி அதற்குத்தான்.

## 1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

கண்டினியூட்டி ‘பீப்’ ஒலியும் மில்லி ஆம்பியர் அளவையும் உள்ள சாதாரண மல்டிமீட்டர் போதும்.

அதோடு ஒரு ஆண் எக்ஸ்எல்ஆர் பிளக் வாங்கி, மூன்று பின்னுக்கும் மூன்று நிறத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வயர் சால்டர் வைத்துக்கொள்ளுங்கள். வயர் நுனிகளை ஒன்றோடொன்று படாதபடி டேப் சுற்றி வையுங்கள். மைக் மாட்டும் இடத்தில் இதை மாட்டினால், கேபிளின் முனை வரை என்ன வந்து சேர்கிறது என்பதை நிதானமாக அளக்கலாம். துளைக்குள் மீட்டர் முனையைத் திணித்து அளக்கும்போது இரண்டு பின்களைச் சேர்த்துத் தொட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் விபத்து.

பின்களின் எண்கள் பிளக்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஆண் பிளக்கையும் பெண் பிளக்கையும் எதிரெதிரே பார்த்தால் 1-ம் 2-ம் இடம் மாறித் தெரியும். அதனால் இடது, வலது என்று நினைவில் வைக்காமல் எண்ணைப் பார்த்தே வேலை செய்யுங்கள்.

கண்டென்சர் மைக்கின் விவரத் தாளையும் தேடி எடுத்து வையுங்கள். அதில் இரண்டு வரிகள் தேவைப்படும்: எத்தனை வோல்ட்டில் வேலை செய்யும், எத்தனை மில்லி ஆம்பியர் எடுக்கும்.

## 2. 48 வோல்ட் எந்த வழியாகப் போகிறது

கண்டென்சர் மைக்கின் உள்ளே இருக்கும் காப்ஸ்யூல் மிக மிகக் குறைந்த மின்னோட்டத்தையே தர வல்லது. அதை நேரடியாகக் கேபிளில் விட்டால் வழியிலேயே காணாமல் போய்விடும். அதனால் காப்ஸ்யூலுக்குப் பின்னாலேயே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர் சர்க்யூட் வைத்திருக்கிறார்கள். அதற்குத்தான் மின்சாரம் தேவை. காப்ஸ்யூலிலேயே நிரந்தர மின்னேற்றம் உள்ளது எலக்ட்ரெட் வகை. அது அல்லாத மைக்கில் காப்ஸ்யூலை மின்னேற்றி வைக்கவும் மின்சாரம் வேண்டும்.

இதற்குத் தனி வயர் கிடையாது. மிக்ஸருக்குள் 48 வோல்ட் சப்ளையிலிருந்து இரண்டு ரெசிஸ்டர்கள் கிளம்புகின்றன. இரண்டும் 6.8 கிலோ ஓம். ஒன்று பின் 2-க்கும், மற்றது பின் 3-க்கும் போகிறது. மைக் இரண்டு பின்களிலிருந்தும் மின்னோட்டத்தை எடுத்துக்கொண்டு பின் 1 வழியாக, அதாவது கேபிளின் ஷீல்டு வழியாகத் திருப்பி அனுப்புகிறது.

பாட்டும் இதே இரண்டு வயர்களில்தான் வருகிறது. ஆனால் மிக்ஸரின் உள்ளீடு பின் 2-க்கும் பின் 3-க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே பார்க்கிறது. 48 வோல்ட் இரண்டிலும் ஒரே அளவில் இருப்பதால் வித்தியாசம் பூஜ்யம். அதோடு, அந்த மின்னழுத்தம், மைக் ஒலியை முதலில் பெருக்கும் ப்ரீஆம்ப்புக்குள் போய்விடாதபடி வாசலில் இரண்டு கெப்பாசிட்டர்கள் தடுத்து நிற்கும். இந்த இரண்டு கெப்பாசிட்டர்களையும் மறந்துவிடாதீர்கள். ஸ்விட்சைப் போடும்போது ‘டமார்’ சத்தம் வருவது இவற்றால்தான். 7-ஆம் பகுதியில் மறுபடி வருவார்கள்.

ரெசிஸ்டர் 6.8 கிலோ ஓம் என்பது சர்வதேசத் தரமான ஐஇசி 61938 சொல்வது. மின்னழுத்தம் 44 முதல் 52 வோல்ட் வரை இருக்கலாம். ஒரு மைக் அதிகபட்சம் 10 மில்லி ஆம்பியர் வரை எடுக்கலாம். அதே தரத்தில் 24 வோல்ட்டுக்கும் 12 வோல்ட்டுக்கும் தனி அளவுகள் உண்டு. கடைகளில் கிடைக்கும் மிக்ஸரிலும், கம்ப்யூட்டரோடு மைக்கை இணைக்கும் இன்டர்ஃபேஸிலும் பெரும்பாலும் 48 வோல்ட்தான்.

சப்ளை எங்கே இருக்கிறது என்பது சாதனத்துக்குச் சாதனம் மாறும். பெரிய மிக்ஸரில் ஒவ்வொரு சேனலுக்கும் தனி ஸ்விட்ச். சிறியவற்றில் எல்லாவற்றுக்கும் ஒன்று, அல்லது நான்கு சேனலுக்கு ஒன்று. மிக்ஸரில் வசதியே இல்லாவிட்டால், மைக்குக்கும் மிக்ஸருக்கும் நடுவில் வைக்கும் தனி ஃபேண்டம் பவர் பெட்டி கிடைக்கிறது. வால்வு வைத்த கண்டென்சர் மைக்குகளுக்கு அவற்றுடன் வரும் சொந்த சப்ளைதான். அவற்றுக்கு ஃபேண்டம் போதாது.

## 3. டைனமிக் மைக்குக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை

டைனமிக் மைக்கின் உள்ளே காந்தமும் அதற்குள் அசையும் சுருளும் இருக்கின்றன. சுருளின் ஒரு முனை பின் 2-இல், மறுமுனை பின் 3-இல். பின் 1 மைக்கின் உடம்போடு மட்டும் சேர்ந்திருக்கிறது, சுருளோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஷூர் எஸ்எம்58 போன்றவற்றில் சுருளுக்கும் பின்களுக்கும் நடுவே ஒரு சின்ன ட்ரான்ஸ்ஃபார்மரும் உண்டு. அங்கே பின் 2-ம் 3-ம் பார்ப்பது ட்ரான்ஸ்ஃபார்மரின் சுற்றை. நேர்மின்னோட்டம் சுருளை எட்டவே முடியாது.

ஸ்விட்சைப் போட்டதும் சுருளின் இரண்டு முனைகளும் 48 வோல்ட்டுக்கு ஏறிவிடும். மின்கம்பியில் இரண்டு காலையும் வைத்து உட்கார்ந்திருக்கும் காக்கையின் நிலைதான். இரண்டு முனையும் ஒரே உயரத்தில் இருப்பதால் நடுவில் ஓட ஒன்றும் இல்லை. மின்னோட்டம் பூஜ்யம் என்றால் சூடு இல்லை, தள்ளல் இல்லை, காந்தம் பலவீனமாவதும் இல்லை. “வருஷக்கணக்கில் 48 வோல்ட் கொடுத்தால் மைக் மெல்ல மெல்லக் கெட்டுவிடும்” என்று சொல்வதற்கு அடிப்படை எதுவும் கிடையாது.

‘மிக்ஸரில் உள்ள இரண்டு ரெசிஸ்டர்களும் துல்லியமாக ஒரே அளவில் இல்லாவிட்டால்?’ என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. ரெசிஸ்டரில் மின்னழுத்தம் விழுவது மின்னோட்டம் ஓடும்போது மட்டும்தான். டைனமிக் மைக் பின் 1-க்கு எதையும் விடுவதில்லை என்பதால் ரெசிஸ்டர்களில் எதுவும் விழாது, இரண்டு முனையும் 48-லேயே நிற்கும். ரெசிஸ்டர் ஒற்றுமை கண்டென்சர் மைக் மாட்டும்போது முக்கியம். அப்போது உண்மையிலேயே மின்னோட்டம் ஓடுகிறது, வித்தியாசம் இரைச்சலாகவும் உள்ளீட்டு ட்ரான்ஸ்ஃபார்மரில் வேண்டாத காந்தமாகவும் வெளிப்படும்.

ஆக, டைனமிக் மைக்கின் பாதுகாப்பு இரண்டு நிபந்தனைகளில் நிற்கிறது: இரண்டு முனையும் சமமாக இருக்க வேண்டும், எந்த முனையும் பின் 1-ஐத் தொடக் கூடாது. இவற்றில் ஒன்று உடைந்தால் கதை மாறிவிடும். இனி வரும் சோதனைகள் எல்லாம் இந்த இரண்டையும் உறுதி செய்யத்தான்.

## 4. சமநிலை எங்கே உடைகிறது

நம் ஊரில் மிக அதிகமாக உடைவது சிங்கிள் கோர் கேபிளில். ஆம்ப்ளிஃபயரோடு வரும் மைக்குகளுக்கு ஒரு பக்கம் எக்ஸ்எல்ஆர், மறுபக்கம் 6.35 மி.மீ. மோனோ பிளக், அதாவது கடைகளில் பி-38 என்று கேட்டு வாங்குவது. அந்தக் கேபிளுக்குள் ஒரே ஒரு வயரும் ஷீல்டும்தான். அதனால் எக்ஸ்எல்ஆர் பக்கத்தில் பின் 3-ஐ பின் 1-உடன் சேர்த்துச் சால்டர் வைத்திருப்பார்கள்.

பி-38 பக்கமாகவே மாட்டும் வரை பிரச்சினை இல்லை, அந்த ஜாக்கில் 48 வோல்ட் வராது. பிறகு யாராவது பி-38-ஐ வெட்டிவிட்டு அங்கேயும் எக்ஸ்எல்ஆர் போடுவார்கள். வயர் போதாததால் அங்கும் 1-ஐயும் 3-ஐயும் சேர்த்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல கேபிள். டைனமிக் மைக்கில் பாட்டும் வரும். 48 வோல்ட் போட்டதும்தான் குட்டு வெளிப்படும்.

அப்போது என்ன ஆகும்? 200 ஓம் சுருள் என்று வைத்துக் கணக்குப் போடலாம். பின் 3, பின் 1-உடன் சேர்ந்து பூமியில், அதாவது எர்த்தில் இருப்பதால், பின் 2-இன் மின்னோட்டம் முழுவதும் சுருள் வழியாக ஓடும்:

```
48 V / (6800 + 200) Ω = 6.9 mA
6.9 mA × 200 Ω = 1.4 V
```

சுருளில் சேரும் திறன் 10 மில்லிவாட்டுக்கும் குறைவு. எரியாது. ஆனால் சாதாரணமாகச் சில மில்லிவோல்ட் மட்டுமே பார்க்கும் சுருளின் மேல் இப்போது 1.4 வோல்ட் நிலையாக உட்கார்ந்திருக்கிறது. சவ்வு நடு இடத்திலிருந்து ஒரு பக்கமாகத் தள்ளப்படும். குரல் அடைபட்டு, கரகரத்து வரும். ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள மைக்கில் அதன் இரும்பு மையம் காந்தமேறி, அடித்தொனி மெலிந்துபோகும். 48 வோல்ட்டை நிறுத்தினால் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். கெட்டது மைக் அல்ல, கேபிள். மைக்கைக் கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

கேபிள் மட்டும் அல்ல. சில மலிவான கரோக்கி மைக்குகள் எக்ஸ்எல்ஆர் முகத்தோடு வந்தாலும், உள்ளேயே ஒரு முனையைப் பின் 1-உடன் சேர்த்திருப்பார்கள். நல்ல கேபிள் மாட்டினாலும் மேலே சொன்னதேதான் நடக்கும்.

ரிப்பன் மைக் தனி இனம். அதன் சவ்வு மெல்லிய அலுமினியப் பட்டை. ஒரு பின் ஷார்ட் ஆன கேபிளில் 48 வோல்ட் வந்தால், ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாக வரும் ஒரே ஒரு அதிர்ச்சியில் பட்டை நீண்டு தொய்ந்துவிடும். சரியான கேபிளில் பல ரிப்பன் மைக்குகள் தாங்கும், ஆனால் ‘பல’ என்பதை நம்பி வைத்திருக்கும் மைக்கைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. ரிப்பன் இருந்தால் அந்த சேனலில் 48 வோல்ட் வேண்டாம். மிக்ஸரில் ஒற்றை ஸ்விட்ச்தான் என்றால், கண்டென்சருக்குத் தனி பெட்டி வாங்குவதே சரி.

பழைய திரைப்பட ஒலிப்பதிவுச் சாதனங்களில் டி-பவர் என்று ஒன்று உண்டு. அது 12 வோல்ட்டை பின் 2-க்கும் 3-க்கும் நடுவிலேயே கொடுக்கும். அதில் டைனமிக் மைக் மாட்டினால் 20 மில்லி ஆம்பியர் வாக்கில் சுருள் வழியாக நேராக ஓடும். ஃபேண்டம் என்று நினைத்து அந்த ஸ்விட்சைத் தொட வேண்டாம்.

## 5. மைக்கையும் கேபிளையும் சோதிப்பது

எதையும் மிக்ஸரில் மாட்டும் முன் இதைச் செய்யுங்கள். 48 வோல்ட் போட்ட பிறகு தவறைத் தேடினால், ஒவ்வொரு முறையும் நிறுத்திக் காத்திருந்துதான் தேட வேண்டியிருக்கும்.

கேபிளின் இரண்டு முனையும் எதிலும் மாட்டாமல் இருக்கட்டும். மீட்டரை ‘பீப்’ நிலையில் வைத்து, ஒரு முனையின் 1 மறுமுனையின் 1-க்கு, 2 2-க்கு, 3 3-க்கு என்று பாருங்கள். மூன்றும் ஒலிக்க வேண்டும். பிளக்கின் கழுத்தை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே பாருங்கள், முறிந்த வயர் அப்போதுதான் மாட்டும்.

பிறகு ஒரே முனையில் 1–2, 1–3, 2–3 என்று பாருங்கள். எதுவும் ஒலிக்கக் கூடாது. 1–3 ஒலித்தால் அது மேலே சொன்ன சிங்கிள் கோர் கேபிள். அதன் மேல் சிவப்பு டேப் சுற்றித் தனியாக வையுங்கள். பெட்டியில் மறுபடி கலந்துவிட்டால் அடுத்த நிகழ்ச்சியில் அதே கேபிள்தான் கைக்கு வரும்.

டைனமிக் மைக்கை ஓம் நிலையில் பாருங்கள். 2–3 நடுவே ஒரு அளவு காட்டும். மாடலைப் பொறுத்து சில பத்து ஓமிலிருந்து சில நூறு ஓம் வரை. காதருகே வைத்திருந்தால் மீட்டர் தொடும்போது ‘டிக்’ என்றும் கேட்கலாம். 1–2, 1–3 இரண்டும் திறந்திருக்க வேண்டும். ஏதாவது ஒன்றில் அளவு காட்டினால், அந்த மைக்கை 48 வோல்ட் உள்ள வழியில் மாட்ட வேண்டாம். ரிப்பன் மைக்கில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். மீட்டர் அனுப்பும் மின்னோட்டமே பட்டையை இழுத்துவிடலாம்.

## 6. 48 வோல்ட் உண்மையிலேயே வருகிறதா?

சிவப்பு விளக்கு எரிகிறது என்பதால் மைக்கின் வாசல் வரை மின்சாரம் வந்துவிட்டது என்று பொருள் இல்லை. விளக்கு சொல்வது ஸ்விட்ச் நிலையை மட்டும்.

ஃபேடரையும் கெயினையும் கீழே இறக்குங்கள். கேபிளின் மைக் முனையில் வயர் வைத்த சோதனை பிளக்கை மாட்டுங்கள். ஸ்விட்சைப் போட்டு, நேர்மின் வோல்ட் நிலையில் 1–2, 1–3 பாருங்கள். இரண்டும் 44-க்கும் 52-க்கும் நடுவே, ஒன்றுக்கொன்று ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். 2–3 நடுவே பூஜ்யம். டைனமிக் மைக் நம்பி நிற்பது இந்தப் பூஜ்யத்தைத்தான், அதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

இது வெறும் வோல்ட் சோதனை. மீட்டர் மின்னோட்டம் எடுப்பதில்லை, அதனால் பலவீனமான சப்ளையும் இங்கே 48 என்று காட்டிவிடும். சுமை கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்விட்சை அணைத்து அரை நிமிடம் விடுங்கள். மீட்டரின் சிவப்பு வயரை மில்லி ஆம்பியர் துளைக்கு மாற்றி, பின் 2-க்கும் 1-க்கும் நடுவே மீட்டரை இணையுங்கள். இணைத்த பிறகுதான் ஸ்விட்சைப் போட வேண்டும். இந்த வரிசை முக்கியம்: மின்னேறி நிற்கும் பின்னைத் திடீரென்று பூமியில் தொட்டால், வாசல் கெப்பாசிட்டரில் சேர்ந்திருப்பது ஒரே அடியாக ப்ரீஆம்ப்பின் ட்ரான்சிஸ்டர்கள் மேல் பாயும்.

48 வோல்ட்டை 6800 ஓமால் வகுத்தால் 7 மில்லி ஆம்பியர். மீட்டர் 6.5-க்கும் 7.6-க்கும் நடுவே காட்டினால் சப்ளை நலம். ஸ்விட்சை அணைத்துவிட்டு பின் 3-க்கும் இதேபோல் பாருங்கள். 5-க்கு இறங்கினால் சப்ளை தடுமாறுகிறது. முடித்ததும் மீட்டர் வயரை வோல்ட் துளைக்குத் திருப்பி மாற்றுங்கள். மறந்து அப்படியே வீட்டு மின்சாரத்தை அளந்தால் மீட்டர் ஃபியூஸ் போய்விடும், ஃபியூஸ் இல்லாத மீட்டராக இருந்தால் கையும் போகலாம்.

அடுத்து, உங்கள் மைக் எவ்வளவு எடுக்கிறது என்று பாருங்கள். விவரத் தாளில் 3 மில்லி ஆம்பியர் என்று போட்டிருந்தால், அது இரண்டு ரெசிஸ்டர்களிலும் பாதிப் பாதியாக ஓடும். இரண்டும் இணையாக இருப்பதால் 3.4 கிலோ ஓம் என்று எடுத்துக்கொள்ளலாம்:

```
48 − (0.003 × 3400) = 37.8 V
```

மைக் மாட்டியிருக்கும்போது பின்னில் 38 வோல்ட் வாக்கில் இருப்பது கோளாறு அல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். இதைத் தெரியாமல் ‘மிக்ஸரில் 48 வரவில்லை’ என்று திறந்து பார்ப்பவர்கள் உண்டு.

கேபிள் நீளத்தையும் குறை சொல்ல வேண்டாம். 100 மீட்டர் மைக் கேபிளின் ஒரு வயரில் பத்து ஓம் அளவில்தான் தடை இருக்கும். 6800 ஓமுக்குப் பக்கத்தில் அது ஒன்றுமே இல்லை.

யுஎஸ்பியில் மட்டும் ஓடும் இன்டர்ஃபேஸில் இரண்டு கண்டென்சர் மாட்டும்போது மட்டும் சற்றுக் கவனம். யுஎஸ்பி 2.0 துளை தருவது 5 வோல்ட், 500 மில்லி ஆம்பியர், அதாவது 2.5 வாட். ஒவ்வொன்றும் 10 மில்லி ஆம்பியர் எடுக்கும் இரண்டு மைக்குகளுக்கே கிட்டத்தட்ட 1 வாட் போய்விடும், 5-ஐ 48 ஆக்குவதில் வீணாவது வேறு. சப்ளை தளர்ந்தால் மைக் நின்றுவிடாது. மெதுவான பேச்சு சுத்தமாக வரும், பலத்த ஒலி வரும் இடத்தில் மட்டும் உடையும். கெயினைக் குறைத்தும் அந்த உடைசல் போகாவிட்டால் சப்ளையைச் சந்தேகப்படுங்கள்.

## 7. மாட்டும் வரிசையும் கழற்றும் வரிசையும்

மாட்டும்போது: மாஸ்டரும் சேனல் ஃபேடரும் கீழே, கெயின் கீழே. கேபிளை மைக்கில் மாட்டுங்கள், பிறகு மிக்ஸரில். அதன் பிறகு 48 வோல்ட் ஸ்விட்ச். பத்து விநாடி விட்டுவிட்டு கெயினை ஏற்றுங்கள், கடைசியாக ஃபேடர்.

கழற்றும்போது தலைகீழ்: ஃபேடர் கீழே, 48 வோல்ட்டை அணை, அரை நிமிடம் பொறு, பிறகு கேபிளைக் கழற்று.

ஏன் காத்திருக்க வேண்டும்? ஸ்விட்சைப் போட்டதும் வாசல் கெப்பாசிட்டர்கள் 48 வோல்ட்டுக்கு ஏறத் தொடங்கும். இரண்டும் ஒரே வேகத்தில் ஏறினால் வித்தியாசம் இருக்காது, ஆனால் நடைமுறையில் சிறிதளவாவது முன்பின் ஆகும். அந்தச் சிறிய வித்தியாசத்தை ப்ரீஆம்ப் பாட்டு என்று நினைத்துப் பெருக்கிவிடும். கெயின் ஏறியிருந்தால் அது ஸ்பீக்கரில் இடியாக வந்து விழும். மைக்கின் உள் சர்க்யூட் நிலைபெறவும் சில விநாடி ஆகும். அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்கள் உடனே காலியாவதில்லை, விளக்கு அணைந்துவிட்டது என்று கேபிளைப் பிடுங்கினால் அதே இடிதான்.

48 வோல்ட் ஓடும்போதே டைனமிக் மைக்கைக் கழற்றி மாட்டினால் மைக்குக்குக் கெடுதல் இல்லை. எக்ஸ்எல்ஆரில் எந்தப் பின்னும் வேறொரு பின்னைத் தொட்டுக்கொண்டு போவதில்லை. கேபிள் இணைப்புகளை மாற்றிக்கொள்ளும் பலகையான பேட்ச் பேயில் பயன்படும் 6.35 மி.மீ. ஸ்டீரியோ பிளக் அப்படி அல்ல. உள்ளே நுழையும் வழியில் அதன் நுனி மற்றத் தொடுமுனைகளை உரசிக்கொண்டே போகும், அந்தக் கணத்தில் ஒரு பின் பூமியைத் தொட்டுவிடும். மைக் வழிகள் பேட்ச் பேயில் இருந்தால், 48 வோல்ட்டை அணைக்காமல் அங்கே எதையும் மாற்றாதீர்கள்.

மொத்த அமைப்பையும் ஆன் செய்யும்போது பவர் ஆம்ப்ளிஃபயர் கடைசி. அணைக்கும்போது அதுதான் முதல்.

## 8. அந்தக் கச்சேரி, ஒற்றை ஸ்விட்ச் மிக்ஸரில்

பாடகரின் மைக், மிருதங்கத்தின் இரண்டு மைக் என மூன்று டைனமிக். 5-ஆம் பகுதியில் சொன்னபடி மைக்கையும் கேபிளையும் பார்த்தாகிவிட்டது என்றால், மூன்றும் எக்ஸ்எல்ஆரில் தயங்காமல் இருக்கலாம்.

வயலினில் மாட்டும் சின்னக் கிளிப் மைக்கைக் கவனியுங்கள். அதன் சன்னமான வயரின் முனையில் பெரும்பாலும் மினி பிளக் இருக்கும். அந்தக் காப்ஸ்யூலுக்கு வேண்டியது சில வோல்ட் மட்டும். 48 வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் சர்க்யூட், மைக்கோடு வரும் குழாய் போன்ற எக்ஸ்எல்ஆர் அடாப்டருக்குள் இருக்கிறது. அதைத் தொலைத்துவிட்டு, கடையில் கிடைக்கும் வெறும் 3.5 மி.மீ. – எக்ஸ்எல்ஆர் மாற்றி ஒன்றை மாட்டுவது மைக்கைக் கொல்லும் வழி. செல்போனுக்கும் கேமராவுக்கும் விற்கும் காலர் மைக்குகளுக்கும் இதே எச்சரிக்கை.

இனி தம்புரா. செல்போனிலிருந்து 3.5 மி.மீ. பிளக், மறுமுனையில் எக்ஸ்எல்ஆர் என்று ஒரு வயர் வைத்திருப்பார்கள். அதில் இடது, வலது இரண்டையும் பின் 2-இல் சேர்த்து, பின் 3-ஐ 1-இல் கட்டியிருப்பது வழக்கம். மிக்ஸரில் 48 வோல்ட் இருந்தால் அது அப்படியே போனின் ஹெட்ஃபோன் வெளியீட்டுக்குள் போகும். 7 மில்லி ஆம்பியர்தானே என்று விடலாகாது. 48 வோல்ட் பின்பக்கமாக வரும் என்று எந்தப் போனின் வெளியீடும் எதிர்பார்த்துச் செய்யப்பட்டதல்ல. லேப்டாப்புக்கும் கீபோர்டுக்கும் இதே விதிதான்.

வழி எளிது. போனை மிக்ஸரின் 6.35 மி.மீ. லைன் ஜாக்கில் மாட்டுங்கள், 48 வோல்ட் எக்ஸ்எல்ஆரில் மட்டுமே வரும். நடுவில் ஜாக்கும் சுற்றிலும் எக்ஸ்எல்ஆரும் உள்ள கூட்டுத் துளையிலும் ஜாக் வழியே வராது. எக்ஸ்எல்ஆர் மட்டும்தான் காலி என்றால், ட்ரான்ஸ்ஃபார்மர் வைத்த பாஸிவ் டிஐ பெட்டி ஒன்றை நடுவில் போடுங்கள். அதன் வெளியீட்டுச் சுற்று, டைனமிக் மைக்கைப்போலவே 2-க்கும் 3-க்கும் நடுவே சும்மா இருக்கும், போன் பக்கம் நேர்மின்னோட்டம் தாண்டாது.

ஐந்தாவதாக ஒருவர் வருவார்: வீடியோ எடுப்பவர். “அண்ணே, ஆடியோ ஒரு லைன் கொடுங்க” என்று எக்ஸ்எல்ஆர் கேபிளோடு நிற்பார். அவர் கேமராவில் `LINE`, `MIC`, `MIC+48V` என்று மூன்று நிலை இருக்கும். மூன்றாவதில் இருந்தால் 48 வோல்ட் கேமராவிலிருந்து உங்கள் மிக்ஸரின் வெளியீட்டுக்குள் வரும். கேபிளைக் கொடுக்கும் முன் அவரிடம் `LINE` நிலையைக் காட்டச் சொல்லுங்கள். வயர்லெஸ் ரிசீவர்களின் எக்ஸ்எல்ஆர் வெளியீட்டில் பெரும்பாலும் தடுப்பு வைத்தே செய்கிறார்கள். ஆனாலும் லைன் ஜாக் காலியாக இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

எல்லாம் மாட்டி முடித்த பிறகுதான் அந்த ஒற்றை ஸ்விட்ச். நடுவில் பாடகர் மைக்கை மாற்றச் சொன்னால் அவருடைய சேனலை மட்டும் ம்யூட் செய்துவிட்டு மாற்றலாம். வயலின் மைக்கை மாற்ற வேண்டுமென்றால் மொத்த ஸ்விட்சையும் அணைத்தே ஆக வேண்டும் என்பதால், அதை இரண்டு பாட்டுக்கு நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். அணைத்தால் டைனமிக் மைக்குகள் நிற்காது, ஆனால் ‘டப்’ என்று ஒரு சத்தம் போகும், மாஸ்டரை இறக்கிவிட்டுச் செய்யுங்கள்.

## 9. கண்டென்சரில் சத்தமே வரவில்லை என்றால்

48 வோல்ட்டை அணைத்து அரை நிமிடம் பொறுத்து, அதே கேபிளில் ஒரு டைனமிக் மைக்கை மாட்டிப் பேசுங்கள். பேச்சு வந்தால் 2-ம் 3-ம் நலம். முதல் சந்தேகம் பின் 1. டைனமிக் மைக் ஷீல்டு அறுந்திருந்தாலும் கொஞ்சம் இரைச்சலோடு வேலை செய்துவிடும். கண்டென்சருக்கு ஷீல்டுதான் திரும்பும் பாதை, அது இல்லாமல் உயிரே வராது. ‘எஸ்எம்58 போட்டால் வருகிறது, இது மட்டும் வரவில்லை, ஆகவே மைக் போச்சு’ என்று முடிவுகட்டுவதற்கு முன் பின் 1-இன் சால்டரைப் பாருங்கள்.

பின் 1 சரி என்றால் மைக் முனையில் வோல்ட் பாருங்கள். அங்கே பூஜ்யம், மிக்ஸரின் துளையில் மட்டும் 48 என்றால், நடுவில் எதுவோ தடுக்கிறது. பெரும்பாலும் அது, ஒரு மைக்கை இரண்டு மிக்ஸருக்குப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் ஸ்ப்ளிட்டர். அதன் ஒரு வெளியீடு நேராக இணைந்திருக்கும், மற்றது ட்ரான்ஸ்ஃபார்மர் வழியாக. நேர்வழி மாட்டியிருக்கும் மிக்ஸர்தான் 48 வோல்ட் கொடுக்க முடியும்.

சத்தம் வருகிறது, ஆனால் சன்னமாக, இரைச்சலோடு என்றால், 2-ம் 3-ம் ஆகியவற்றில் ஒன்று அறுந்திருக்கலாம். அப்போது மைக் ஒரே ரெசிஸ்டர் வழியாக எல்லா மின்னோட்டத்தையும் இழுக்கும். 3 மில்லி ஆம்பியர் மைக்குக்கு 38 வோல்ட்டுக்குப் பதில் 27.6 வோல்ட்தான் மிஞ்சும். சில மைக்குகள் அதிலும் பாடும், சில பாடாது. விவரத் தாளில் 9 முதல் 52 வோல்ட் என்று போட்டிருக்கும் எலக்ட்ரெட் மைக் தாக்குப்பிடித்து உங்களை ஏமாற்றும். 48 மட்டும் என்று போட்டிருப்பது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.